ராத்திரியில் மணி அடிக்காத செய்தி

இரவு பதினொன்றரை மணிக்கு ஒருவருக்குச் செய்தி அனுப்பினால், அது எவ்வளவு அவசரம் என்பது அனுப்புகிறவருக்கு மட்டும்தான் தெரியும். பெறுகிறவரின் போனுக்குத் தெரியாது. ‘நாளைக்கு வரும்போது அந்த ஃபைலை எடுத்துட்டு வாங்க’ என்றாலும், ‘அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்’ என்றாலும் அது ஒரே குரலில்தான் கூப்பிடும்.

போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எல்லோராலும் அது முடிவதில்லை. ஊரில் வயதான அம்மா தனியாக இருக்கும்போது மகன் போனை அணைத்துவைக்க மாட்டான். பிரசவ தேதி நெருங்கிய மகளை வெளியூரில் வைத்திருக்கிற தாயும், எந்த நேரமும் அழைப்பு வரக்கூடிய லைன்மேனும், ‘ஆன் கால்’ மருத்துவரும் போனைத் தலைமாட்டிலேயே வைத்துத்தான் படுக்கிறார்கள். ஓர் அவசரச் செய்திக்காகத் திறந்துவைத்த கதவு வழியாக அவசரமில்லாத பத்துச் செய்திகளும் உள்ளே வந்துவிடுகின்றன. அவற்றைத் தரம் பிரிக்க, தூங்குகிறவரால் முடியாது. எழுதுகிறவரால்தான் முடியும்.

டெலிகிராமில் அதற்கு இரண்டு வசதிகள் இருக்கின்றன. சத்தமில்லாமல் அனுப்புவது 2019 ஆகஸ்டில் வந்தது. நேரம் குறித்து அனுப்புவது அடுத்த மாதமே, செப்டம்பரில் வந்தது. இத்தனை வருடமாகியும், டெலிகிராமை நாள் முழுக்கப் பயன்படுத்துகிற பலருக்கு இவை தெரியவில்லை. காரணம், இரண்டுமே வெளியே தெரிகிற பொத்தான்களாக இல்லை. அனுப்பும் பொத்தானுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன.

சத்தம் மட்டும் போகாது

செய்தியைத் தட்டச்சு செய்யுங்கள். வலது ஓரத்தில் காகித விமானம் போன்ற அனுப்பும் பொத்தான் வரும். அதைத் தட்டாமல், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஒரு சின்னப் பட்டியல் திறக்கும். அதில் Send without sound என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் செய்தி அந்த நொடியே போய்விடும். கணினியில் என்றால், அனுப்பும் பொத்தான் மீது மவுஸின் வலது பக்கத்தை அழுத்த வேண்டும். கட்டத்தில் எதுவும் எழுதாமல் இருந்தால் அந்த இடத்தில் மைக் குறிதான் இருக்கும், பட்டியல் வராது. ‘என் போனில் அந்த வசதியே இல்லை’ என்கிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான்.

இப்படி அனுப்பினால் பெறுகிறவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பு போகும், சத்தம் மட்டும் போகாது. பூட்டிய திரையில் உங்கள் பெயரும் செய்தியின் முதல் வரியும் வந்து உட்காரும், படிக்காத செய்திகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். போன் அமைப்பைப் பொறுத்துத் திரை ஒரு கணம் வெளிச்சமாகவும் கூடும். இருட்டறையில் கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குகிற தாய்க்கு அந்த வெளிச்சமும் தொந்தரவுதான். அவருக்கு இந்த வழி சரிப்படாது, நேரம் குறித்துத்தான் அனுப்ப வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். சத்தமில்லாமல் அனுப்புவது அந்த ஒரு செய்திக்கு மட்டும்தான். அனுப்பியதும் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படும். ‘அஞ்சு இல்ல, ஆறு மணி’ என்று அடுத்த வரியைத் தட்டச்சு செய்து, பழக்க தோஷத்தில் பொத்தானைச் சட்டென்று தட்டிவிடுவோம். முதல் செய்தி சத்தமில்லாமல் போயிருக்கும், திருத்தம் மணி அடித்துக்கொண்டு போகும். பட்ட பாடு வீண்.

இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. புதிதாக எழுதாமல் பழைய செய்தியையே திருத்துங்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்தால் Edit என்று வரும். ஒரு செய்தியைத் திருத்தும்போது எதிர்ப்பக்கம் புதிதாக அறிவிப்பு எதுவும் போகாது. தனி உரையாடலில் 48 மணி நேரம் வரை திருத்தலாம். ராத்திரியில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக யோசித்து நாலு செய்தியாக அனுப்புகிற பழக்கம் உள்ளவர்கள், முதல் செய்தியைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, மீதியை அதிலேயே சேர்த்துக்கொண்டு போகலாம். காலையில் எழுகிறவருக்கும் நாலு துண்டுகளுக்குப் பதில் ஒழுங்கான ஒரே கடிதம் கிடைக்கும்.

காலைக்கு எழுதி வைப்பது

அதே பட்டியலில் இன்னொரு வரி Schedule message. அதைத் தொட்டால் தேதி, மணி, நிமிடம் என்று மூன்று சக்கரங்கள் வரும். உருட்டி நிறுத்தினால், கீழே உள்ள பொத்தானிலேயே செய்தி எப்போது போகும் என்று எழுதியிருக்கும். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துவது நல்லது. நாளை காலைக்கு என்று நினைத்து இன்று இரவுக்கு வைத்துவிடுகிற தவறு அங்கேயே பிடிபட்டுவிடும். நள்ளிரவு தாண்டிய பிறகு வைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பன்னிரண்டேகால் மணிக்கு நம் மனதில் ‘நாளைக்கு’ என்று இருப்பது, போனுக்கு ஏற்கெனவே ‘இன்று’ ஆகியிருக்கும்.

குறித்த செய்தி உங்கள் போனில் காத்திருப்பதில்லை. அது டெலிகிராமின் சர்வருக்குப் போய் அங்கே காத்திருக்கிறது. அதனால் காலையில் உங்கள் போன் அணைந்திருந்தாலும், சார்ஜ் தீர்ந்திருந்தாலும், நீங்கள் சிக்னல் இல்லாத மலைப்பாதையில் பஸ்ஸில் இருந்தாலும், செய்தி குறித்த நேரத்துக்குப் போய்விடும். போனதும் உங்களுக்கும் ஓர் அறிவிப்பு வரும். ஆனால் எழுதி வைக்கும்போது நெட் இருந்தாக வேண்டும். நெட் இல்லாமல் வைத்த செய்தி சர்வரைத் தொட்டிருக்காது.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு செய்தியாவது காத்திருந்தால், அந்த உரையாடலின் எழுதும் கட்டத்தில் கடிகாரம் சேர்ந்த காலண்டர் போல ஒரு குறி முளைக்கும். அதைத் தொட்டால், காத்திருக்கும் செய்திகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். இன்னொரு கருவியில், உதாரணமாக ஆபீஸ் கணினியில் டெலிகிராமைத் திறந்தாலும் அதே வரிசை அங்கேயும் தெரிகிறது என்றால் சர்வரில் இருக்கிறது என்று பொருள். அந்த வரிசையில் எந்தச் செய்தியையும் அழுத்திப் பிடித்துத் திருத்தலாம், நேரத்தை மாற்றலாம், அழிக்கலாம், Send now கொடுத்து உடனே அனுப்பியும் விடலாம். சீக்ரெட் சாட் என்ற தனி வகை உரையாடலில் மட்டும் இந்த வசதி கிடையாது. அங்கே செய்தி இரண்டு கருவிகளுக்கு நடுவே மட்டும் திறக்கும் பூட்டோடு போகிறது.

மூன்று செய்திகள், மூன்று வழிகள்

இரண்டில் எதை எப்போது எடுப்பது? மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பர்வைசராக இருக்கும் பெண்மணி ஒருவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தபோது எனக்கு இது தெளிவானது. வார்டுக்கு ஒரு டெலிகிராம் குழு வைத்திருக்கிறார். நர்சுகள் யாரும் இரவில் போனை அணைப்பதில்லை, அணைக்கவும் முடியாது.

ஓர் இரவு பதினொன்று நாற்பதுக்கு அவருக்கு ஒரு போன். மறுநாள் காலை ஏழு மணி டூட்டிக்கு வர வேண்டிய நர்சின் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வர முடியாது. மதியம் இரண்டு மணி டூட்டியில் இருக்கிற இன்னொருவரைக் காலைக்கு மாற்ற வேண்டும். அவர் மேலூரிலிருந்து வருகிறவர். ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஏற வேண்டும்.

இப்போது சூப்பர்வைசர் கையில் மூன்று செய்திகள். முதலாவது மேலூர்க்காரருக்கு. இதைச் சத்தமில்லாமல் அனுப்பினால், மதிய டூட்டி என்று நிம்மதியாகத் தூங்குகிறவர் எழும்போது மணி ஏழாகியிருக்கும். விடிகாலை நாலே முக்காலுக்குக் குறித்து வைத்தாலும் நம்ப முடியாது. ஒரே ஒரு ‘டிங்’ ஆழ்ந்த தூக்கத்தைக் கலைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ‘சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க, எழுப்பிட்டேன். காலையில ஏழுக்கு வர முடியுமா?’ என்று அப்போதே போன் போட்டுக் கேட்டுவிட்டார். பதில் தேவைப்படுகிற விஷயத்தை எந்த வசதியிலும் ஒளித்துவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இரண்டாவது, திருத்திய டூட்டி லிஸ்ட். குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டும், யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அப்போது வார்டில் நைட் டூட்டி பார்க்கிறவர்கள் உடனே பார்த்துக்கொண்டால் நல்லது. இதை Send without sound கொடுத்து அனுப்பினார். விழித்திருப்பவர்கள் அப்போதே பார்த்தார்கள், தூங்குகிறவர்களுக்குக் காலையில் காத்திருந்தது. சத்தமில்லாத செய்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மூன்றாவது ஒரு கண்டிப்பு. மருந்து ரெஜிஸ்டரில் இரண்டு நாளாகக் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்டு இன்சார்ஜுக்கு எழுத வேண்டியிருந்தது. அதைச் சத்தமில்லாமல் அனுப்பினால் மணி அடிக்காதுதான். ஆனால் தண்ணீர் குடிக்க மூன்று மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறவருக்கு, மேலதிகாரியின் பெயரும் ‘ரெஜிஸ்டர் விஷயமா’ என்ற முதல் வரியும் தெரியும். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வராது. அதனால் அதைக் காலை ஒன்பதரைக்குக் குறித்து வைத்தார். ரவுண்ட்ஸ் முடிந்து, ரெஜிஸ்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிற நேரம் அது.

இதில் நேரக்குறிப்பும் சேர்ந்துகொள்கிறது. சத்தமில்லாமல் அனுப்பிய செய்தியில் ‘11:52’ என்று அனுப்பிய நேரம் அப்படியே இருக்கும். குறித்து வைத்த செய்தியில் ‘9:30’ என்று போய்ச் சேர்ந்த நேரம் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி எழுதியதைப் பார்க்கிற ஊழியர், பன்னிரண்டு மணிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மெல்ல நம்பத் தொடங்கிவிடுகிறார். இந்த நம்பிக்கை வேலை செய்யும் இடங்களில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சட்டங்களில் பார்க்கலாம். பிரான்சில் 2017 முதலே வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-ல் இயற்றி, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இன்னொரு கோணத்தில் வந்தது. தவிர்க்க முடியாத சூழ்நிலை தவிர, ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்றது. பொறுப்பை அனுப்புகிறவர் தலையில் வைத்த சட்டம் அது. அந்த மதுரைச் சூப்பர்வைசர் செய்வதும் அதைத்தான், எந்தச் சட்டமும் சொல்லாமலே.

கடல் கடந்த இரவு

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குறித்து வைக்கும்போது கணக்கு கொஞ்சம் சிக்கலாகும். டெலிகிராம் காட்டுகிற சக்கரம் உங்கள் ஊர் நேரம். பெறுகிறவரின் ஊர் நேரத்தை அது கேட்பதும் இல்லை, காட்டுவதும் இல்லை.

சேலத்திலிருந்து டொராண்டோவில் இருக்கும் தங்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்து வைப்பதாகக் கொள்வோம். பிறந்தநாள் 2025 நவம்பர் 4. அங்கே காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். அக்கா இதை அக்டோபர் 28 அன்று உட்கார்ந்து எழுதுகிறார். அன்றைய தேதியில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அந்தக் கணக்கில் நம் மாலை நாலரைக்கு வைக்கிறார். ஆனால் கனடாவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 2025-ல் அது நவம்பர் 2. அன்றிலிருந்து வித்தியாசம் பத்தரை மணி. அக்கா வைத்த நாலரை மணிச் செய்தி, நவம்பர் 4 அன்று டொராண்டோவில் விடிகாலை ஆறு மணிக்கே மணி அடிக்கும். வைத்திருக்க வேண்டியது மாலை ஐந்தரைக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று இதே கதை தலைகீழாக நடக்கும். இங்கிலாந்தில் கடிகாரம் மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை.

கணக்கைச் சரிபார்க்க எளிய வழி, போனிலேயே இருக்கும் உலகக் கடிகாரம். ஆனால் அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். நடுவில் கடிகாரம் மாறும் ஞாயிறு வருகிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலே, தங்கை என்ன வேலை பார்க்கிறார் என்பதும் முக்கியம். அவர் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் என்றால் காலை ஏழுதான் அவர் படுக்கப் போகிற நேரம்.

இம்மாதிரி நிச்சயமில்லாத இடத்தில் இரண்டு வசதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். குறித்த நேரத்துக்குப் போகட்டும், போகும்போது சத்தமும் இல்லாமல் போகட்டும். கணினியில் உள்ள டெலிகிராம் டெஸ்க்டாப்பில் இது எளிது. நேரம் குறிக்கும் பெட்டியில் கடைசியாக அழுத்துகிற Schedule பொத்தான் மீது மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால், அங்கேயும் Send without sound வரும். Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு Schedule அழுத்தினாலும் அதே பலன். இதைச் செய்து வைத்தால், கணக்கு ஒரு மணி நேரம் தவறினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

தனி உரையாடலில் இன்னொரு வழியும் உண்டு. 2019-ன் கடைசி நாளில் வந்தது, Send when online. எதிரில் இருப்பவர் அடுத்து டெலிகிராமைத் திறந்தவுடன் செய்தி போகும். விழித்திருக்கிறார் என்பது உறுதி, நேரக் கணக்கும் வேண்டாம். ஆனால் அவர் தன் ‘லாஸ்ட் சீன்’ நேரத்தை உங்களுக்கு மறைத்திருந்தால் இந்த வரியே தெரியாது. இன்னொரு குறையும் உண்டு. அவர் நடுராத்திரியில் வேறெதையோ பார்க்க அரை நிமிடம் திறந்தாலும் செய்தி போய்விடும். வாழ்த்துக்கு இது நல்லது, கண்டிப்புக்கு வேண்டாம்.

சேனல் நடத்துகிறவர்களுக்கு

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் டெலிகிராம் சேனல்களில் நிறைய இருக்கிறார்கள். நடப்பு நிகழ்வுகள் பி.டி.எஃப். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குமேல்தான் தயாராகும். சேனலில் அழுத்திப் பிடிக்கிற வேலைகூட வேண்டியதில்லை. எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணிக் குறி இருக்கும். அதைத் தொட்டால், அதன் பிறகு நீங்கள் போடுகிற எல்லாப் பதிவும் சத்தமில்லாமல் போகும்.

‘எல்லாப் பதிவும்’ என்பதில்தான் ஆபத்து. தனி உரையாடலில் அந்த ஒரு செய்தியோடு முடிகிறது. இங்கே நீங்களாக மாற்றும் வரை அப்படியே நிற்கும். இரவு பி.டி.எஃப்.புக்காக மணியை அணைத்துவிட்டுப் படுத்தவர், மறுநாள் பகலில் ஹால் டிக்கெட் வெளியான செய்தியைப் போட்டால் அதுவும் ஓசையின்றிப் போகும். ஏன் யாருமே பார்க்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். கண்டுபிடிக்க எழுதும் கட்டத்தைப் பார்த்தால் போதும். மணி அணைந்திருந்தால் வெறும் கட்டத்தில் Broadcast என்பதற்குப் பதில் Silent Broadcast என்று மங்கலாக எழுதியிருக்கும்.

காத்திருக்கும் செய்திகளைப் பார்த்துவிடுங்கள்

ஒரு வருடம் வரை முன்கூட்டியே குறித்து வைக்கலாம், ஓர் உரையாடலில் நூறு செய்திகள் வரை. இவ்வளவு இடம் இருப்பதாலேயே வைத்ததை மறந்துவிடுகிறோம். குறித்த நேரத்துக்குச் செய்தி போகும்போது உலகம் மாறியிருக்கிறதா என்று டெலிகிராம் பார்க்காது. எனக்குத் தெரிந்த ஒருவர், நண்பரின் திருமண நாளுக்கு மூன்று வாரம் முன்பே வாழ்த்து எழுதி வைத்திருந்தார். இடையில் அந்த வீட்டில் ஒரு சாவு. வாழ்த்து எழுதியவர் எடுப்புக்கும் போய் வந்தார், காரியத்துக்கும் போய் வந்தார். வரிசையில் ஒரு வாழ்த்து காத்திருப்பது நினைவுக்கு வரவே இல்லை. பதினாறாம் நாள் முடிந்த வாரத்தில், பலூனும் பூங்கொத்துமாக அது போய்ச் சேர்ந்தது.

காத்திருக்கும் செய்தி அந்தந்த உரையாடலுக்குள்தான் இருக்கிறது. அதனால் நீண்ட நாளுக்கு எதையாவது வைத்தால், Saved Messages பகுதியில் உங்களுக்கே ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்வது உதவும். அங்கேயும் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், Schedule message இருக்கும் இடத்தில் Set a reminder என்று வரும். வாழ்த்து போவதற்கு முந்தைய நாள் மாலைக்கு, ‘நாளை காலை இன்னாருக்கு ஒரு செய்தி போகிறது’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அந்த மாலையில் வரிசையைத் திறந்து, வாழ்த்தை அப்படியே விடலாமா, மாற்ற வேண்டுமா, அழித்துவிட்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய ஓர் இரவு கையில் இருக்கும்.